ஓட்டுநரின் நீண்ட குரல் செய்தியைச் சுருக்கமான டிஸ்பேட்ச் அறிக்கையாக மாற்றுவது எப்படி?

கேள்வி: "எங்கள் ஓட்டுநர்கள் வழியில் சிக்கல் என்றால் மூன்று நான்கு நிமிடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுகிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியாமல், நான் எழுதும் அறிக்கையும் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது. சுருக்கினால் முக்கியமானது விட்டுப்போகிறது என்று டிஸ்பேட்சில் திட்டுகிறார்கள். என்ன செய்வது?"

பதில்:

நீங்கள் அந்தச் செய்தியைச் சுருக்க முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டுநர் தனக்கு நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறார். டிஸ்பேட்சில் இருப்பவரோ அடுத்த சில நிமிடங்களில் ஒரு முடிவை எடுக்க வேண்டியவர். ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, இந்தச் செய்தி யாரிடம் என்ன முடிவைக் கேட்கிறது என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால், அந்த முடிவை மாற்றக்கூடிய வாக்கியங்கள் அறிக்கையில் தங்கும். மற்றவை தாமாகவே உதிர்ந்துவிடும். இதற்காக நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. முதல் முறை கேட்கும்போது எதையும் எழுதமாட்டேன். கடைசி நொடி வரை கேட்டு முடித்த பிறகு, கேட்கப்படும் முடிவை மட்டும் ஒரு வரியில் எழுதிவைப்பேன். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் விவரங்களைக் குறித்துக்கொள்வேன். முதல் முறையிலேயே எழுதத் தொடங்கினால் ஓட்டுநரின் வரிசைதான் உங்கள் அறிக்கையின் வரிசையாகிவிடும்.

ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். குளிர்பதன வண்டி ஒன்றின் ஓட்டுநர் காலை 10.40 மணிக்கு அனுப்பியது இது. அடையாளங்களை நீக்கியிருக்கிறேன், பேச்சைத் திருத்தவில்லை.

"அண்ணே, நான்தான் பேசறேன். இங்க ஒரே ஜாம்ணே. கிளம்பும்போதே நினைச்சேன், இன்னைக்குச் சரியா வராதுன்னு. டோல் தாண்டி ஒரு பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் வந்திருப்பேன், எல்லா வண்டியும் நிக்குது. முன்னாடி டேங்கர் கவுந்துடுச்சாம், பக்கத்து லாரிக்காரர் சொன்னாரு. நான் வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, இல்ல இல்ல, ஒரு மணி நேரம் ஆகப்போகுது. போலீஸ் எல்லாரையும் இடது பக்கம் ஊருக்குள்ள போற ரோட்டுல திருப்பி விடறாங்க. சின்ன வண்டியெல்லாம் போகுது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன், உள்ள ஒரு ரயில் பாலம், நாலு மீட்டர்னு போர்டு போட்டிருக்கு. நம்ம வண்டி நாலு பத்துதானே? போன தடவ கண்ணாடி ஒடைஞ்சதுக்கே அந்தப் பேச்சு பேசினாங்க, நான் உள்ள விடமாட்டேன். திரும்பிப் பழைய ரோட்டுல போயிடலாம், என்ன, ஒரு நாப்பது கிலோமீட்டர் சுத்து. இருநூறு மீட்டர் முன்னால நடுவுல கேப் இருக்கு, போலீஸ்காரர் விட்டா திருப்பிடலாம். பார்ட்டி வேற ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு, நான் எடுக்கல. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. டீசல் இருக்கு, அது பிரச்சனை இல்ல. ஆங், டெம்பரேச்சர் வேற ஏறுதுண்ணே, நாலுல வச்சது, இப்ப ஏழு காட்டுது. சீக்கிரம் சொல்லுங்க."

கேட்கப்படும் முடிவு ஒன்றே ஒன்று: திரும்பிப் பழைய சாலையில் போகலாமா, அல்லது இங்கேயே காத்திருக்க வேண்டுமா. அந்த முடிவை அவசரமாக்குவது எதுவென்று பாருங்கள். அது செய்தியின் கடைசியில், நினைவுக்கு வந்ததுபோலச் சொல்லப்பட்டிருக்கிறது. நெரிசல் ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அதையே முதலில் பேசுகிறார். சரக்கு அவருக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு நிமிடத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டு "போக்குவரத்து நெரிசல், தாமதம்" என்று எழுதி அனுப்பியிருந்தால், டிஸ்பேட்ச் இதைச் சாதாரணத் தாமதமாகவே எடுத்துக்கொண்டிருக்கும்.

இனி ஒவ்வொரு கூற்றையும் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஓட்டுநர் தானே கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, தானாகக் கணக்கிட்டது, நம்மிடமே கேட்பது என நான்கு வகை போதும். இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. "கவுந்துடுச்சாம்" என்று அவர் சொன்னதில் உள்ள அந்த "ஆம்" என்ற ஈறு, இதை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று தெளிவாக அறிவித்துவிடுகிறது. பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றும்போது முதலில் காணாமல் போவதும் அந்த ஓர் அசைதான். "டேங்கர் கவிழ்ந்துள்ளது" என்று நீங்கள் எழுதினால், டிஸ்பேட்ச் பின்னால் வரும் மற்ற வண்டிகளுக்கும் அதை உறுதியான தகவலாகச் சொல்லும். எரிபொருள் கசிந்தால் சாலை நாள் முழுக்கத் திறக்காது என்று கருதி எல்லா வண்டிகளையும் வேறு வழியில் திருப்பவும் கூடும். நின்றது பழுதான ஒரு லாரி மட்டுமே என்று பிற்பகலில் தெரியவந்தால், அந்தத் தவறு ஓட்டுநருடையது அல்ல, எழுதியவருடையது. "டேங்கர் கவிழ்ந்ததாகப் பிற ஓட்டுநர் கூறினார், உறுதியாகவில்லை" என்று எழுத நான்கைந்து சொற்கள் கூடுதலாகும். அவை அவசியமான சொற்கள். இதே கவனம் "போல", "இருக்கும்", "வந்திருப்பேன்" போன்றவற்றுக்கும் வேண்டும்.

பாலத்தைப் பற்றிய கூற்றில் இரண்டு எண்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே தரத்தவை அல்ல. பலகையில் 4 மீட்டர் என்று இருப்பதை அவர் இறங்கிச் சென்று நேரில் கண்டார். அதை அப்படியே எழுதலாம். "நம்ம வண்டி நாலு பத்துதானே?" என்பதோ கேள்வி. கேள்வியைத் தகவலாக எழுதக் கூடாது. வண்டியின் உயரத்தை அலுவலகப் பதிவேட்டில் பார்த்து நீங்களே நிரப்ப வேண்டும். இந்த வண்டிக்கு அது 4.10 மீட்டர்தான். சிலர் இந்த இடத்தில், பலகையில் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார்கள், பத்து சென்டிமீட்டர்தானே என்று வாதிடுவார்கள். பாலத்தின் கீழே சாலைக்குப் புதிதாக ஒரு படலம் தார் போட்டிருந்தால் உண்மையான இடைவெளி பலகையில் உள்ளதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பலகை எண்ணுக்கு மேல் ஊகம் செய்வது அறிக்கை எழுதுபவரின் வேலையே அல்ல. பலகை என்ன சொல்கிறது, பதிவேடு என்ன சொல்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், மாற்றுவழி ஆகாது என்பது படிப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது நேரமும் இடமும். இங்கே, அங்கே, இப்போது, பக்கத்தில், உள்ளே ஆகிய சொற்கள் பேசுபவருக்கு மட்டுமே பொருள் தருபவை. அறிக்கையில் அவற்றுக்கு இடமில்லை. "இடது பக்கம்" என்பதும் வண்டி எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்தால்தான் பயன்படும். வண்டியில் ஜிபிஎஸ் இருந்தால் அதில் பார்த்து, செல்லும் திசையையும் கிலோமீட்டர் எண்ணையும் எழுதுங்கள். இந்த வண்டி வடக்கு நோக்கி, 84ஆவது கிலோமீட்டருக்கு அருகே நின்றிருந்தது. எப்போதிலிருந்து நிற்கிறது என்பதில் ஓட்டுநர் தன்னையே திருத்திக்கொண்டார். அப்படித் திருத்தும்போது பின்னால் சொன்னதே சரி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிபிஎஸ் பதிவில் வண்டி 9.48 மணிக்கு நின்றிருக்கிறது. "ஒரு மணி நேரமாக" என்று எழுதினால் படிக்கிற ஒவ்வொருவரும் தாம் படிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், "9.48 முதல்" என்று எழுதினால் மாலையில் படித்தாலும் பொருள் மாறாது. செய்தி பதிவான நேரமும் உங்கள் கைக்கு வந்த நேரமும் வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். சிக்னல் இல்லாத இடத்தில் பேசி அனுப்பியது அரை மணி கழித்து வந்து சேர்வதுண்டு. அதனால் அறிக்கையின் தலைப்பிலேயே எந்த நேரத்து நிலவரம் என்று போட்டுவிடுகிறேன்.

இப்போது கடைசி வரிக்கு வருவோம். நான்கு டிகிரியில் வைத்தது ஏழு காட்டுகிறது என்றால் சரக்கு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட முடியாது. திரையில் தெரிவது பெரும்பாலும் பெட்டிக்குள் சுற்றிவரும் காற்றின் வெப்பம். சரக்கு அதைவிட மெதுவாகத்தான் சூடாகும். தவிர, குளிர்விப்பானின் சுருளில் படிந்த பனியை உருக்குவதற்காக இயந்திரம் இடையிடையே தானாகவே குளிரூட்டலை நிறுத்தும். அப்போது எண் சிறிது நேரம் ஏறிவிட்டுப் பிறகு இறங்கும். அது இயல்பானது. இயந்திரமே நின்றுபோய் எண் ஏறுகிறதென்றால் அது அவசரம். இந்த இரண்டில் எது என்பது குரல் செய்தியில் இல்லை. "டீசல் இருக்கு" என்பதும் அப்படித்தான்: பெரிய குளிர்பதன வண்டிகளில் குளிர்விப்பானுக்குத் தனியாக ஒரு சிறிய டீசல் தொட்டி இருப்பதுண்டு. அவர் சொன்னது எந்தத் தொட்டியை?

இம்மாதிரி இடைவெளியை ஊகத்தால் நிரப்பாமல், ஓட்டுநரைத் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டும். வண்டி நின்றிருப்பதை ஜிபிஎஸ்ஸில் உறுதி செய்துகொண்ட பிறகே அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஓட்டுநரை அறிக்கைக்காக அழைப்பது கூடாது. கேள்விகள் முடிவை மாற்றக்கூடியவையாக மட்டும் இருக்கட்டும். இங்கே இரண்டு கேள்விகள் போதுமானவையாக இருந்தன. குளிர்விப்பான் ஓடுகிறதா, எப்போதிலிருந்து ஏழு காட்டுகிறது? ஓடுகிறது என்றார்; பத்து நிமிடத்துக்கு முன்புதான் கவனித்தாராம், அதற்கு முன் ஐந்து காட்டியதாம். டீசல் எந்தத் தொட்டியில் இருக்கிறது? வண்டித் தொட்டியில் பாதிக்கு மேல் இருக்கிறது. குளிர்விப்பான் தொட்டியை அவர் பார்த்திருக்கவில்லை. இறங்கிப் பார்த்துவிட்டுக் கால் பாகம் என்றார். "டீசல் இருக்கு, அது பிரச்சனை இல்ல" என்ற சொல்லை நம்பி அந்த வரியை விட்டிருந்தால், நாற்பது கிலோமீட்டர் சுற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இவ்வளவும் கையில் வந்தபின் நான் எழுதிய வரைவு இது.

வண்டி 17, காலை 10.50 மணி நிலவரம்
முடிவு தேவை, உடனடியாக: திரும்பிப் பழைய சாலையில் செல்லலாமா? கூடுதல் தொலைவு ஓட்டுநர் கணக்கில் சுமார் 40 கி.மீ.
இடம்: வடக்கு நோக்கி, 84ஆவது கி.மீ. 9.48 முதல் நிற்கிறது.
தடை: சாலை மூடப்பட்டுள்ளது; போலீஸ் வண்டிகளை ஊர்ச் சாலைக்குத் திருப்புகிறது. டேங்கர் கவிழ்ந்ததாகப் பிற ஓட்டுநர் கூறினார், உறுதியாகவில்லை.
ஊர்ச் சாலை ஆகாது: ரயில் பாலப் பலகை 4 மீ. (ஓட்டுநர் நேரில் கண்டது); வண்டி உயரம் 4.10 மீ. (பதிவேடு).
சரக்கு: 4 டிகிரியில் வைத்தது, 10.40 முதல் 7 காட்டுகிறது. குளிர்விப்பான் ஓடுகிறது, அதன் தொட்டியில் டீசல் கால் பாகம்.
திரும்பும் இடம்: 200 மீ. முன்னால் இடைவெளி; போலீஸ் அனுமதி தேவை.
வாடிக்கையாளர் இருமுறை அழைத்துள்ளார், பதில் தரப்படவில்லை.

கண்ணாடி உடைந்த பழைய கதை, காலையில் கிளம்பியபோது தோன்றியது, அலுப்பு ஆகியவை இதில் இல்லை. அவை முடிவை மாற்றாதவை. ஆனால் "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்பதை நான் அப்படித் தள்ளிவிடவில்லை. வழிச் சிக்கல் அறிக்கையில் அதற்கு இடமில்லை என்றாலும், நாற்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டச் சொல்லப்போகும் ஆளைப் பற்றிய செய்தி அது. ஆகவே டிஸ்பேட்ச் பொறுப்பாளரிடம் தனியாகச் சொன்னேன். ஓட்டும் நேரத்துக்குச் சட்ட வரம்பு உள்ள இடங்களில் இது இன்னும் முக்கியமாகும். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டிய பிறகு 45 நிமிட இடைவேளை கட்டாயம். வரம்பை ஓட்டுநர் நெருங்கியிருந்தால் "மீதமுள்ள ஓட்டும் நேரம்" என்று அறிக்கையிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது அது முடிவையே மாற்றிவிடும்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை மீதமிருக்கிறது. பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். முடிவு கேட்கும் வரியையும், செயல் சார்ந்த வரியையும் ஓட்டுநருக்குப் படித்துக்காட்ட வேண்டும். முழு அறிக்கையையும் படித்தால் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று தலையாட்டிவிடுவார். இரண்டே வரியென்றால் கவனித்துக் கேட்பார். "இருநூறு மீட்டர் முன்னால் உள்ள இடைவெளியில் திரும்புவீர்கள், சரியா?" என்று கேட்டேன். "முன்னால இல்லண்ணே, அதத் தாண்டி வந்துட்டேன், இப்ப பின்னால இருக்கு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, நானும் தவறாகக் கேட்கவில்லை. தமிழில் "முன்னால்" என்பது எதிரே இருப்பதையும் குறிக்கும், ஏற்கெனவே கடந்ததையும் குறிக்கும். அவர் வந்த வழியை நினைத்துச் சொன்னார், நான் போகும் வழியை நினைத்து எழுதினேன். அந்த ஒரு சொல்லால் முடிவே மாறிவிடும். எதிரே இருந்தால் வரிசை நகர்ந்ததும் அவரே போய்த் திரும்பிக்கொள்ளலாம். பின்னால் இருந்தால், அடுத்தடுத்து வண்டிகள் சேர்ந்து நிற்கும்போது, போலீஸ் பின்வரிசையை ஒதுக்கிக் கொடுக்காமல் பெரிய வண்டி இருநூறு மீட்டர் பின்னோக்கி வர வழியே இல்லை. அதன்பின் அந்த வரி இப்படி ஆனது: "திரும்பும் இடம்: வண்டிக்குப் பின்னால் (தெற்கே) 200 மீ. இடைவெளி. பின்வரிசையைப் போலீஸ் ஒதுக்கினால்தான் அடைய முடியும். ஓட்டுநர் இன்னும் கேட்கவில்லை." முன்னால், பின்னால், மேலே, கீழே, அந்தப் பக்கம் ஆகியவற்றை இப்போதெல்லாம் திசைப் பெயரோ கிலோமீட்டர் எண்ணோ இல்லாமல் நான் எழுதுவதில்லை.

அறிக்கையை அனுப்பிய பிறகு நிலைமை மாறினால், பழைய அறிக்கைக்குள் போய் ஓசையில்லாமல் திருத்தாதீர்கள். முதலில் படித்தவர் மறுபடி படிக்கமாட்டார். அதே வண்டி எண்ணோடு, புதிய நேரத்தோடு, "திருத்தம்" என்று தலைப்பிட்டு மாறிய வரியை மட்டும் அனுப்புங்கள். இந்த வண்டிக்கு 11.05 மணிக்கு அப்படி ஒன்று போயிற்று: "வண்டி 17, 11.05, திருத்தம்: குளிர்பெட்டி 5 டிகிரிக்கு இறங்கியுள்ளது. மற்றவை மாற்றமில்லை." மூலக் குரல் செய்தியை அழிக்காமல் அறிக்கையோடு சேர்த்தே வைத்திருங்கள். இடைவெளியின் இருப்பிடம் போன்ற ஒரு வரியில் பின்னால் யாருக்காவது ஐயம் வந்தால், நீங்கள் எழுதியதைவிட அவர் பேசியதைத்தான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.